நாம் செய்யாத அட்டைச் செலவுகள்: வங்கி மேலாளருக்குப் புகார்க் கடிதம் எழுதும் முறை

சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் நெடுங்காலம் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அட்டையில் தாம் செய்யாத செலவு பதிவாகியிருப்பதாகச் சொல்லி வருபவர்கள் கொண்டுவரும் கடிதங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல, பணம் போன வேதனையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, எந்த நாளில் எவ்வளவு போனது என்பதை ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வேதனையில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கடிதத்தை வாங்கும் மேலாளர் அதன்மேல் முடிவெடுப்பவர் அல்லர். அவர் அதைத் தம் வங்கியின் அட்டைப் பிரிவுக்கு அனுப்புகிறார், அது பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கிறது. அங்கே இருப்பவர் உங்களைப் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள நாளையும் தொகையையும் தம் கணினியில் உள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவருடைய வேலை. ஆகவே இந்தக் கடிதத்தின் உயிர் அதிலுள்ள அட்டவணையில் இருக்கிறது.

இதை ஒரே ஒரு நிகழ்வை வைத்து விளக்குகிறேன். ஏற்காட்டில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, சுற்றுலா வருவோருக்குக் காப்பித்தூளும் மிளகும் விற்கும் ஓர் அம்மாளுக்கு 2025 செப்டம்பரில் நேர்ந்தது இது. அவருடைய சேமிப்புக் கணக்கு சேலம் நகரில் உள்ள ஒரு கிளையில் இருக்கிறது. செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை நள்ளிரவை ஒட்டி அவருடைய டெபிட் அட்டையில் மூன்று செலவுகள் நடந்தன. சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதுதான் அவர் குறுஞ்செய்திகளைப் பார்த்தார்.

கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியது

முதல் வேலை அட்டையை முடக்குவது. செயலியில் தற்காலிகமாக அணைத்து வைப்பது வேறு, நிரந்தரமாக முடக்குவது வேறு. எண் ஏற்கெனவே பிறர் கைக்குப் போய்விட்டதால் நிரந்தரமாகவே முடக்கி, புது எண்ணுள்ள அட்டை கேட்க வேண்டும். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, முடக்கும்படி சொல்வதோடு நிறுத்தாமல், "இந்தச் செலவுகளை நான் செய்யவில்லை, புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று தனியே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பலர் முடக்கிவிட்டுப் புகார் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வங்கியின் பதிவில் அவை இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள். அந்த எண்ணையும் அழைத்த நேரத்தையும் உடனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தோ cybercrime.gov.in தளத்திலோ புகார் பதிந்து, அதன் ஒப்புகை எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மாள் சனிக்கிழமை காலை 7.20-க்கு வங்கியை அழைத்தார். அது இரண்டாம் சனிக்கிழமை, கிளைக்கு விடுமுறை. திங்கட்கிழமை மலையிறங்கிப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதனால் அவருடைய காலக்கணக்கு சனிக்கிழமையிலேயே நின்றது. நேரில் கொடுக்கும் கடிதம், தொலைபேசியில் சொன்னதைத் தாளில் உறுதி செய்யும் சான்றுதான்.

மூன்று நாள் என்பதை எப்படி எண்ணுவது

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைதான் 2025 செப்டம்பரில் இந்த வகைப் புகார்களுக்கு அடிப்படையாக இருந்தது. குற்றம் வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்திருக்கிறது என்ற நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த பிறகு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதும் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாயோ போன தொகையோ, இவற்றில் எது குறைவோ அதை ஏற்க வேண்டும். ஏழு நாளும் கடந்துவிட்டால் அந்த வங்கி தனக்கென வகுத்துள்ள கொள்கைப்படி முடிவாகும். பிழை வங்கியுடையது என்றால் நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்ற கேள்வியே எழாது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணையோ ஓடிபியையோ பிறரிடம் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது, அதற்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு.

வேலை நாள் என்பது உங்கள் கணக்கு உள்ள கிளையின் வேலை நாள். தகவல் வந்த நாளை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அம்மாளுக்கு வெள்ளி இரவும் சனிக்கிழமை தொடக்கத்திலும் செய்திகள் வந்தன. சனி, ஞாயிறு விடுமுறை. ஆகவே 15, 16, 17 ஆகிய மூன்றும்தான் அவருடைய மூன்று நாட்கள். இங்கே சேலத்துக்காரர்கள் தவறும் ஓர் இடம் உண்டு. ஆடித் திருவிழா போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படாதவரை வங்கிகளைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக்கு விடுமுறை என்பதால் வங்கிக்கும் விடுமுறை என்று எண்ணி அந்த நாளைக் கழித்துவிட்டால், மூன்றாம் நாள் என்று நீங்கள் போகும் நாள் உண்மையில் நான்காம் நாளாக இருக்கும்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டங்களுக்குள் சிக்னல் இல்லாமல் குறுஞ்செய்தி மறுநாள் வந்து சேர்வது உண்டு. எண்ணிக்கை தகவல் கிடைத்ததிலிருந்து தொடங்குவதால், செய்தி கைபேசிக்கு வந்த நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வையுங்கள். செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

அட்டவணையில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது

அம்மாள் என்னிடம் கொண்டுவந்த தாளில் நான்கு செலவுகள் இருந்தன. செப்டம்பர் 10-ஆம் தேதி 1,180 ரூபாய் என்று ஒன்று, அவர் கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில். அன்று எங்கே போனீர்கள் என்று கேட்டேன். மிக்ஸி ஜார் வாங்கச் சேலம் வந்ததாகச் சொன்னார். பையில் இருந்த அட்டை இயந்திரச் சீட்டை எடுத்துப் பார்த்தால், கடையின் பலகைப் பெயருக்குப் பதிலாக அதன் பதிவுப் பெயர் அடியில் அச்சாகியிருந்தது. அறிக்கையில் இருந்ததும் அதே பெயர்தான். அந்த வரியை அடித்துவிட்டோம்.

இது சிறிய விஷயம் அல்ல. நீங்களே செய்த ஒரு செலவு பட்டியலில் கலந்துவிட்டால், அட்டைப் பிரிவு அதைச் சீட்டோடு நிரூபித்துவிடும், பிறகு உண்மையான மூன்றின்மேலும் ஐயம் விழும். ஆகவே ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். அந்த நாளில் அந்தத் தொகைக்கு ஏதாவது சீட்டு இருக்கிறதா? வீட்டில் வேறு யாராவது அட்டையைப் பயன்படுத்தினார்களா? மாதாமாதம் தானாகப் பிடிக்கும்படி முன்பு எதற்காவது ஒப்புதல் கொடுத்திருக்கிறோமா? மூன்றுக்கும் இல்லை என்றால் மட்டுமே அது அட்டவணைக்குள் போக வேண்டும்.

அதேபோல், தொகை சிறியது என்று எதையும் விட்டுவிடக் கூடாது. அம்மாளுக்கு முதலில் போனது 87.52 ரூபாய்தான். அட்டை வேலை செய்கிறதா என்று சிறு தொகையில் பார்த்துவிட்டுப் பிறகு பெருந்தொகையை எடுப்பது திருடுபவர்களின் வழக்கம். அந்தச் சிறு தொகையும் அதன் நேரமும்தான் மூன்றும் ஒரே கையின் வேலை என்று காட்டுகின்றன.

நாளை எழுதும்போது ஒரு குழப்பம் வரும். செலவு நடந்த நாளும் பாஸ்புக்கில் பதிவான நாளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, அதிலும் நள்ளிரவை ஒட்டியவை மாறி விழும். எனவே அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை கொடுங்கள். முதலாவதைக் குறுஞ்செய்தியிலிருந்தும் இரண்டாவதைப் பாஸ்புக்கிலிருந்தும் எடுங்கள். தொகையைப் பைசா வரை எழுதுங்கள். "சுமார் 17,500" என்று எழுதினால் ஒப்பிடுபவருக்கு அது எந்தப் பதிவோடும் பொருந்தாது. பெற்றவரின் பெயரை ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்திலேயே, சுருக்கமோ பிழையோ எதுவும் திருத்தாமல் அப்படியே பார்த்து எழுதுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். அட்டவணையில் எண்களும் அந்தப் பெயரும் சரியாக இருந்தால் தமிழ் தெரியாத ஊரிலும் அது படிக்கப்படும்.

கடிதம்

அம்மாள் செப்டம்பர் 15, திங்கட்கிழமை கொடுத்த கடிதத்தின் வடிவம் இது. பெயரும் எண்களும் மட்டும் எடுக்கப்பட்டுள்ளன.

அனுப்புநர்
(பெயர், முகவரி, வங்கியில் பதிவான கைபேசி எண்)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர், கிளை), சேலம்.

நாள்: 15-09-2025

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் (…), கடைசி நான்கு இலக்கம் (…) உள்ள டெபிட் அட்டையில் நான் செய்யாத மூன்று செலவுகள், மொத்தம் ரூ. 17,590.72. திரும்ப வரவு வைக்கக் கோருதல்.

பார்வை: 13-09-2025 காலை 7.20 மணிக்குத் தொலைபேசியில் பதிந்த புகார் எண் (…). இணையக் குற்றப் புகார் ஒப்புகை எண் (…).

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட அட்டையில் கீழே குறித்துள்ள மூன்று செலவுகள் 12-09-2025 இரவும் 13-09-2025 அதிகாலையிலும் நடந்துள்ளன. இவற்றை நானோ என் அனுமதியுடன் வேறு எவருமோ செய்யவில்லை.

| வ. எண் | நடந்த நாள், நேரம் | பதிவான நாள் | அறிக்கையில் உள்ள பெயர், பரிவர்த்தனை எண் | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| 1 | 12-09-2025, 23:38 | 12-09-2025 | (உள்ளபடியே) | 87.52 |
| 2 | 13-09-2025, 00:06 | 13-09-2025 | (உள்ளபடியே) | 8,751.60 |
| 3 | 13-09-2025, 00:09 | 13-09-2025 | (உள்ளபடியே) | 8,751.60 |
| | | | மொத்தம் | 17,590.72 |

செலவுகள் நடந்த நேரத்தில் அட்டை ஏற்காட்டில் என் வீட்டில் என்னிடமே இருந்தது. இவற்றுக்காக எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. அட்டை விவரங்களையோ ரகசிய எண்ணையோ நான் எவரிடமும் தெரிவித்ததில்லை. குறுஞ்செய்திகளை 13-09-2025 காலையில் பார்த்தவுடன் தொலைபேசியில் தெரிவித்து அட்டையை முடக்கிவிட்டேன்.

ரிசர்வ் வங்கியின் 06-07-2017 நாளிட்ட சுற்றறிக்கையின்படி, நான் தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் மேற்கண்ட தொகையை, செலவு நடந்த நாளின் தேதியிட்டே என் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இச்செலவுகளைச் சார்ந்து ஏற்கெனவே பிடிக்கப்பட்ட அல்லது இனிப் பிடிக்கப்படும் கட்டணத்தையும் வரியையும் திரும்பத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: குறுஞ்செய்திகளின் படங்கள் 3, பாஸ்புக் பக்கத்தின் நகல், இணையக் குற்றப் புகார் ஒப்புகையின் நகல்.

இக்கடிதத்தில் அட்டையின் முழு எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி நான்கு இலக்கம் போதும். பின்புறத்து மூன்று இலக்க எண்ணோ ரகசிய எண்ணோ எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது. கேட்பவர் வங்கி ஊழியரே ஆனாலும் சொல்ல வேண்டாம். அட்டை என்னிடம் இருந்தது, ஓடிபி வரவில்லை என்ற வாக்கியங்களை அவை உண்மையாக இருந்தால் மட்டுமே எழுதுங்கள். ஏமாந்து ஓடிபியைச் சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதிவிட்டு, எத்தனை மணிக்கு வங்கியிடம் தெரிவித்தீர்கள் என்பதை அழுத்தமாகக் குறிப்பிடுங்கள். உங்கள் ஊகத்தை, "போன மாதம் பெட்ரோல் பங்கில் யாரோ எண்ணைப் பார்த்திருக்கலாம்" என்பது போன்றவற்றை, எழுத வேண்டாம். எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பது உங்கள் கடமை அல்ல. வாடிக்கையாளரின் பொறுப்பு என்று வங்கி சொல்வதானால், அதை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது.

ஓடிபி இல்லாமல் பணம் எப்படிப் போகும் என்று சிலர் கவுண்டரிலேயே கேட்பார்கள். நம் நாட்டு இணையக் கடைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அட்டை எண், காலாவதி நாள், பின்புற எண் மட்டுமே போதும். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால் இந்த வழியில் பணம் போகும். அம்மாளுக்கு நடந்தது அதுதான். புது அட்டை வந்ததும் செயலியில் அந்தப் பயன்பாட்டை மூடி வையுங்கள்.

கொடுப்பதும் பின்தொடர்வதும்

கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். உங்கள் பிரதியில் கிளையின் முத்திரை, நாள், பெற்றவரின் கையொப்பம் மூன்றும் வேண்டும். முத்திரை மட்டும் குத்தி நாள் இல்லாமல் தந்தால், பணிவாகக் கேட்டு நாளைப் போடச் சொல்லுங்கள். வாங்க மறுத்தாலோ மேலாளர் இல்லை என்று அலைக்கழித்தாலோ, அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் தனிப் படிவம் ஒன்றையும் நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள், ஆனால் கடிதத்துக்குப் பதிலாக அது போதும் என்று சொன்னால் ஏற்காமல் கடிதத்தை இணைப்பாகக் கொடுங்கள்.

செப்டம்பர் 16 அன்று அம்மாளின் கணக்கில் மேலும் மூன்று சிறு பிடித்தங்கள் விழுந்தன. வெளிநாட்டு நாணயத்தில் நடந்த செலவுக்கு அவருடைய வங்கி 3.5 விழுக்காடு கட்டணமும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடிக்கிறது. இவை செலவு நடந்து சில நாட்கள் கழித்துத் தனிப் பதிவுகளாக வருவதால், முதல் கடிதம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இவற்றைக் கவனிப்பதே இல்லை. 17-ஆம் தேதி, முதல் கடிதத்தின் நாளைப் பார்வையாகக் குறிப்பிட்டு ஒரு துணைக் கடிதம் கொடுத்தோம். அதன் அட்டவணை இது.

| முதல் கடிதத்தின் வ. எண் | பதிவான நாள் | கட்டணம் (ரூ.) | வரி (ரூ.) | கூடுதல் (ரூ.) |
|---|---|---|---|---|
| 1 | 16-09-2025 | 3.06 | 0.55 | 3.61 |
| 2 | 16-09-2025 | 306.31 | 55.14 | 361.45 |
| 3 | 16-09-2025 | 306.31 | 55.14 | 361.45 |
| | | | மொத்தம் | 726.51 |

கடன் அட்டையானால் இந்த முறையில் ஒரு மாற்றம் உண்டு. பணம் இன்னும் உங்கள் கையைவிட்டுப் போகவில்லை என்பதால், மறுக்கும் தொகையை மட்டும் அட்டவணையில் காட்டிவிட்டு, நீங்கள் உண்மையில் செய்த செலவுகளுக்கான தொகையை உரிய நாளுக்குள் கட்டிவிடுங்கள். முழு பில்லையும் நிறுத்தி வைத்தால் உங்கள் செலவின்மேலும் வட்டி ஏறும்.

சனிக்கிழமை தெரிவித்ததால், பத்து வேலை நாள் கணக்கு அம்மாளுக்கு செப்டம்பர் 25-இல் முடிந்தது. மூன்றாம் சனிக்கிழமையான 20-ஆம் தேதி வங்கிக்கு வேலை நாள் என்பதால் அதையும் எண்ண வேண்டும். இந்த வரவு இடைக்கால வரவு. விசாரணை முடியும்வரை அதை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்தி வைக்கவும் கூடும், ஆகவே அதை நம்பி செலவுக்குக் காசோலை கொடுத்துவிடாதீர்கள். புகாரை 90 நாட்களுக்குள் வங்கி முடித்தாக வேண்டும். கடிதம் கொடுத்து 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்ததற்கான சான்று அங்கே கேட்கப்படும். முத்திரையும் நாளும் உள்ள உங்கள் பிரதி அப்போதுதான் வேலைக்கு வரும்.

அம்மாளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 24 அன்று 17,590.72 ரூபாய் வரவானது. கட்டணமாகப் பிடித்த 726.51 ரூபாய் அதில் இல்லை. அக்டோபரில் அவர் துணைக் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், இரண்டாவது அட்டவணையைக் காட்டிய பிறகு அதுவும் வந்து சேர்ந்தது.